போலிக் குறியில் பூட்டிய ரிசீவர்: ஓர் ஈ1 இணைப்பில் பிரேம் ஒத்திசைவு தவறிய நிகழ்வின் ஆய்வு

ஈ1 எனப்படும் 2.048 மெகாபிட் இணைப்பு ஒன்றில், அறுந்த கேபிளைச் சரிசெய்து மீண்டும் பொருத்திய பிறகு, அலாரம் ஒன்றுகூட எரியாத நிலையிலேயே பேச்சுத் தடங்கள் இடம் மாறிக் கேட்டன. இரைச்சலோ சிதைவோ இல்லை. குரல் தெளிவாகவே இருந்தது, ஆனால் அது வேறொருவருடைய குரலாக இருந்தது. புகார் வந்து ஆள் அனுப்புவதற்குள் பெரும்பாலும் கோளாறு தானாகவே நீங்கிவிட்டது. அடுத்தடுத்த சில கேபிள் வேலைகளுக்குப் பின்னும் இதுவே திரும்ப நடந்தபோதுதான், அந்த இணைப்பின் ஒரு முனையில் இருந்த ரிசீவரை நாங்கள் வடிவமைத்திருந்த காரணத்தால், இதை ஆராயும் பொறுப்பு எங்களிடம் வந்தது.

இணைப்பு எளிமையானது. இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு மல்டிபிளெக்சர்; அவற்றை ‘அ’ முனை, ‘ஆ’ முனை என்று அழைக்கிறேன். கோளாறு ‘அ’ முனையின் ரிசீவரில் மட்டுமே தோன்றியது. டைம்ஸ்லாட் 17-இல் 64 கிலோபிட் வேகத்தில் தொலை அளவைக் கருவி ஒன்றின் தரவு வந்துகொண்டிருந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை அழைப்புச் சைகை ஏதும் இல்லாத, எப்போதும் திறந்தே இருக்கும் பேச்சுத் தடங்கள். டைம்ஸ்லாட் 16 வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதில் வழக்கமான சைகை ஓடியிருந்தால், சைகைக்குரிய மல்டிபிரேம் ஒத்திசைவு குலைந்து, அதற்கான அலாரமாவது எழுந்திருக்கும். இந்த இணைப்பில் அந்த வாய்ப்பும் இல்லாமல் போயிற்று.

குறி எங்கே இருக்கிறது, எப்படித் தேடப்படுகிறது

ஈ1 ஓடையில் ஒரு பிரேம் என்பது 32 டைம்ஸ்லாட்கள், ஒவ்வொன்றிலும் 8 பிட், ஆக 256 பிட். ஒரு பிரேம் 125 மைக்ரோவினாடியில் கடந்துவிடும். கம்பியில் வருவது பிட்டுகளின் வரிசை மட்டுமே. எந்தப் பிட் பிரேமின் முதல் பிட் என்பதைத் தனியாக அறிவிக்கும் மின்குறி எதுவும் கிடையாது. அதற்காகத்தான் டைம்ஸ்லாட் 0 ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுவிட்டொரு பிரேமில் அதன் 2 முதல் 8 வரையிலான பிட்டுகள் `0011011` என்ற நிலையான வடிவத்தைத் தாங்கி வருகின்றன. இதையே இங்கு ஒத்திசைவுக் குறி என்கிறேன். இடைப்பட்ட பிரேம்களின் டைம்ஸ்லாட் 0-இல் குறி இருக்காது. அவற்றில் இரண்டாவது பிட் எப்போதும் 1 ஆக இருக்கும். குறியில் அதே இடத்தில் 0 இருப்பதால், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் பார்த்துக்கொள்வது அந்த ஒற்றைப் பிட்தான்.

ஐடியு-டி அமைப்பின் ஜி.706 பரிந்துரை சொல்லும் தேடல் மூன்று படிகளைக் கொண்டது. ஓடையைப் பிட் பிட்டாக நகர்த்திப் பார்த்து ஏழு பிட்டுகளும் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து சரியாக 256 பிட் தள்ளி வரும் பைட்டின் இரண்டாவது பிட் 1 என்று உறுதிசெய்ய வேண்டும். மேலும் 256 பிட் தள்ளி அதே குறி மறுபடியும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் நிறைவேறினால் ஒத்திசைவு கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாம். ஏதாவது ஒன்று தவறினால் அந்த மூன்றாவது பிரேமிலிருந்து தேடலை மறுபடி தொடங்க வேண்டும். எங்கள் ரிசீவர் இதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. தோற்றுப்போன இடத்துக்கு அடுத்த பிட்டிலிருந்து தேடலைத் தொடர்ந்தது.

ஏழு பிட் குறி தற்செயலாகவே பொருந்துவதற்கான வாய்ப்பு 128-இல் 1. பேச்சுத் தரவு போல ஓயாமல் மாறும் உள்ளடக்கத்தில், தேடல் உண்மையான இடத்தை அடைவதற்குள் இரண்டு மூன்று போலிப் பொருத்தங்களை எதிர்கொள்வது இயல்பு. அவற்றில் ஒன்று மற்ற இரண்டு படிகளையும் தாண்ட வேண்டுமானால் அதற்கான வாய்ப்பு 256-இல் 1 ஆகச் சுருங்குகிறது. அப்படியே தாண்டிவிட்டாலும் கவலையில்லை, ஏனெனில் அடுத்தடுத்த முறைகளில் அந்த இடத்தில் குறி வராது. முக்கால் மில்லிவினாடியில் ரிசீவர் தன் தவறை உணர்ந்து வெளியேறிவிடும். ஆகவே தற்செயலான போலி ஒரு பொருட்டல்ல. மாறாமல் திரும்பத் திரும்ப வரும் உள்ளடக்கத்துக்குள் குறியின் வடிவம் அமைந்துவிடுவதுதான் ஆபத்து. இந்தப் பகுப்பை ஆய்வின் தொடக்கத்திலேயே நாங்கள் செய்யாமல் விட்டதுதான் பின்னால் வந்த தவறான திருத்தத்துக்கு வழிவகுத்தது.

முதல் திருத்தமும் அது செய்த கெடுதலும்

ஒத்திசைவு இழந்ததாக எப்போது முடிவு செய்வது என்பதற்கும் ஜி.706 ஒரு விதி தருகிறது: குறி வரவேண்டிய இடத்தில் அடுத்தடுத்து மூன்று முறை அது தவறாக வந்தால் ஒத்திசைவு இழப்பு. ஒரு முறை தவறியதற்கே இழப்பு என்று அறிவித்தால், கம்பியில் வரும் ஒவ்வொரு சில்லறைப் பிட் பிழையும் இணைப்பைக் கவிழ்த்துவிடும். மாறாக, பத்து முறை பொறுத்திருந்தால், உண்மையிலேயே ஒரு பிட் நழுவிப்போன பிறகும் இரண்டரை மில்லிவினாடிக்குக் குப்பையைத் தரவு என்று நம்பிப் பயனருக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் குழுவின் முதல் ஊகம், ரிசீவர் தவறான இடத்தில் பூட்டிக்கொண்டு, அதைவிட்டு வெளியேறத் தயங்குகிறது என்பது. அதன்படி இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. ஒத்திசைவை ஏற்றுக்கொள்ளும் முன் குறி அடுத்தடுத்து 16 முறை வந்தாக வேண்டும் என்று உள்நுழைவைக் கடினமாக்கினோம். இழப்பை அறிவிக்கும் வரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து வெளியேற்றத்தை எளிதாக்கினோம். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றின. நானும் அவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் ஒருவன்.

கேபிள் வேலைக்குப் பின் தடங்கள் மாறுவது குறையவில்லை. அதோடு, முன்பு இல்லாத ஒன்றும் சேர்ந்துகொண்டது. கம்பியின் தரம் சற்றுக் குறைந்திருந்த ஒரு நாளில், கேபிளை யாரும் தொடாமலேயே, எட்டு ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை தடங்கள் மாறுவதும் மறுபடி சரியாவதுமாக இருந்தன. கருவியின் பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு சிறு ஒத்திசைவு இழப்பு பதிவாகியிருந்தது. அன்று குறிகளில் தென்பட்ட பிழை வினாடிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு 4000 குறிகள், குறிக்கு 7 பிட், ஆக 28,000 பிட் கண்காணிக்கப்படுவதால், பிழை வீதம் 10,000 பிட்டுக்கு ஒன்று என்று இதிலிருந்து கணிக்கலாம்.

இந்த எட்டு ஒன்பது நிமிடக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. பிழை வீதம் 10,000-இல் 1 என்றால், ஒரு குறி சிதைவதற்கான வாய்ப்பு அதன் ஏழு மடங்கு, அதாவது 0.0007. அடுத்தடுத்து இரண்டு குறிகள் சிதைய, அதன் இருபடி. வினாடிக்கு 4000 குறிகள் வருவதால், சராசரியாக 510 வினாடிக்கு ஒருமுறை, அதாவது எட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை, வெறும் கம்பிப் பிழையே இழப்பாக அறிவிக்கப்படும். வரம்பு மூன்றாக இருந்தால் இதே கம்பியில் அது எட்டு நாளுக்கு ஒருமுறைதான் நிகழும். பிழை வீதம் 1000-இல் 1 என்ற அளவுக்குக் கெட்டாலும், மூன்று என்ற வரம்பு பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும். இரண்டு என்ற வரம்போ ஐந்து வினாடிக்கு ஒருமுறை விழும். பிழைகள் சிதறி வருகின்றன என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. நடைமுறையில் பிழைகள் கொத்தாகவும் வரும். அப்போது மூன்று என்ற வரம்பும் முக்கால் மில்லிவினாடிக் கொத்துக்கு மேல் தாங்காது. ஆனாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் வெறும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இது இழப்பு ஏன் நிகழ்ந்தது என்பதை மட்டுமே விளக்குகிறது. ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் ரிசீவர் ஏன் தவறாமல் மற்ற இடத்துக்குத் தாவியது என்பது விளங்கவில்லை. எட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இழந்தாலும், அடுத்த மில்லிவினாடியில் அதே உண்மையான இடத்தைக் கண்டுபிடித்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தடயம்

இரண்டு தடயங்கள் சேர்ந்து விடையைத் தந்தன. முதலாவது, புகார்களின் நேரங்களை அடுக்கிப் பார்த்தபோது, கோளாறு எப்போது தொடங்கியிருந்தாலும், முழு மணி அடித்ததும் நீங்கியிருந்தது. தொலை அளவைக் கருவியிடம் மையம் ஒவ்வொரு முழு மணிக்கும் நிலை அறிக்கை கேட்கிறது என்பதும், கோளாறு இருந்த நாட்களில் அந்த அறிக்கை முதல் கேள்விக்கு வராமல் இரண்டாவது கேள்விக்கே வந்திருந்தது என்பதும் மையத்தின் பதிவேட்டில் இருந்தன.

இரண்டாவது, தடங்கள் மாறியிருந்த வேளையில் ரிசீவரின் வெளியீட்டைப் பதிவுசெய்து பார்த்தோம். டைம்ஸ்லாட் 15 என்று ரிசீவர் பெயரிட்டுக் கொடுத்த தடத்தில், பேச்சுக்குப் பதிலாக `9B DF 9B DF` என்று இரண்டு பைட்டுகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பிரேம் வேலையில் பழகியவர் கண்ணுக்கு இது உடனே படும்: உண்மையான டைம்ஸ்லாட் 0 அது. ரிசீவர் அதை ஒரு பயனரின் தடம் என்று எண்ணி வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. 15-ஐ அடைய 32-இலிருந்து 17 இடம் பின்னே வர வேண்டும். ஆகவே ரிசீவர் டைம்ஸ்லாட் 0 என்று நம்பியது உண்மையில் டைம்ஸ்லாட் 17, அதாவது தொலை அளவைக் கருவியின் தடம்.

அந்தக் கருவி, சொல்வதற்கு எதுவும் இல்லாதபோது, `1B` என்ற பைட்டையும் `50` என்ற பைட்டையும் மாறி மாறி அனுப்பும் வழக்கம் உடையது. முதலாவது எஸ்கேப் எனப்படும் கட்டுப்பாட்டு எழுத்து. இரண்டாவது ஒரு பெரிய ஆங்கில எழுத்து. இடைமுகப் பலகை ஒவ்வொரு பைட்டையும் உயர்மதிப்புப் பிட் முதலாக டைம்ஸ்லாட்டில் வைத்தது. இரண்டு தடங்களையும் பிட்டுகளாக அருகருகே வைத்தால்:

```
TS0   9B DF :  1 0011011   1 1 0 11111
TS17  1B 50 :  0 0011011   0 1 0 10000
```

முதல் பைட்டின் கடைசி ஏழு பிட்டுகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திசைவுக் குறியேதான். கருவி `1B` ஐ மட்டுமே தொடர்ந்து அனுப்பியிருந்தால், அடுத்த பிரேமில் இரண்டாவது பிட் 0 ஆக இருந்து இரண்டாம் படியில் போலி பிடிபட்டிருக்கும். அந்தப் பிட் 1 என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதே இதற்காகத்தான். ஆனால் இடையில் வந்த `50` இல் அந்தப் பிட் 1. இரண்டு பைட் சுழற்சி ஒன்றுவிட்டொரு பிரேமோடு கனகச்சிதமாகப் பொருந்தியது. மூன்று படிகளும் நிறைவேறின. 16 படிகள் வைத்தாலும் நிறைவேறியிருக்கும், 1600 வைத்தாலும் நிறைவேறியிருக்கும். உள்நுழைவைக் கடினமாக்கியது பலனளிக்காததன் காரணம் இதுவே. மூன்றாவது பிட்டையும் பாருங்கள்: குறி இல்லாத பிரேமில் அது மறுமுனை அலாரத்துக்கான பிட். `50` இல் அது 0. கருவி சிறிய எழுத்தை அனுப்பியிருந்தால் அந்தப் பிட் 1 ஆகி, மறுமுனை அலாரம் எரிந்து, முதல் நாளே யாராவது டைம்ஸ்லாட் 0-இன் மேல் கண் வைத்திருப்பார்கள்.

முழு மணியின் புதிரும் இதோடு அவிழ்ந்தது. மையம் கேள்வி கேட்டதும் கருவி தன் சுழற்சியை நிறுத்தி அறிக்கையை அனுப்பும். ஆறு பைட்டுக்கு மேற்பட்ட எந்தச் செய்தியும் போலிக் குறியின் இடத்தில் மூன்று முறை வேறு பைட்டை வைத்துவிடும். ரிசீவர் ஒத்திசைவை இழக்கும், மறுபடி தேடும், போலி அப்போது இல்லாததால் உண்மையான இடத்தில் அமரும். அந்தச் செய்தி தவறான தடத்தில் போய்விட்டதால் மையத்துக்குக் கிடைக்காது. இரண்டாவது கேள்விக்கே விடை வரும்.

தேடல் எங்கிருந்து தொடங்குகிறது

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் கற்பித்தது அடுத்த பகுதிதான். உண்மைக் குறியும் போலிக் குறியும் 512 பிட் நீளமுள்ள ஒரு வட்டத்தில் நிற்கும் இரண்டு புள்ளிகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். டைம்ஸ்லாட் 17, டைம்ஸ்லாட் 0-இலிருந்து 136 பிட் தள்ளி இருக்கிறது. `1B` உண்மைக் குறி இருக்கும் பிரேமிலேயே விழுந்தால் போலி 136 பிட் தூரத்தில் நிற்கும். அடுத்த பிரேமில் விழுந்தால் 392 பிட் தூரத்தில் நிற்கும். இரண்டில் எது என்பது கருவி கடைசியாக அனுப்பிய செய்தியின் நீளம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து மாறும்.

கேபிளை எடுத்துப் போடும்போது தேடல் வட்டத்தின் எந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம். முதலில் எதிர்ப்படும் புள்ளியில் ரிசீவர் அமரும். போலி 136-இல் நின்றால், 512-இல் 136 தொடக்கங்கள் போலியை முதலில் சந்திக்கும். அதாவது நான்கில் ஒன்று. 392-இல் நின்றால் நான்கில் மூன்று. நாங்கள் செய்த சோதனையில், ஒரு மணி நேரத்துக்குள் இருபது முறை இணைப்பை எடுத்துப் போட்டதில் ஆறு முறை போலியில் பூட்டியது. அறிக்கை ஒன்று போய் வந்த பிறகு செய்த அடுத்த இருபதில் பதினைந்து முறை. அதற்கு முன் ஒருவர் கோளாறு அரிது என்றும் இன்னொருவர் கிட்டத்தட்ட எப்போதும் வருகிறது என்றும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் சொன்னதும் சரியே.

ஒத்திசைவில் இருக்கும் ரிசீவர் கம்பிப் பிழையால் இழப்பை அறிவிக்கும்போது நிலைமை வேறு. எங்கள் நிலை இயந்திரத்தின் தொடர்புடைய வரி இது:

```
if (in_sync && bad_fas == LOSS_LIMIT)
    start_search(pos + 1);
```

இழப்பு அறிவிக்கப்படும் கணத்தில் `pos` உண்மைக் குறியின் இடத்தில் நிற்கிறது. தேடல் அதற்கு அடுத்த பிட்டிலிருந்து தொடங்குகிறது. உண்மைக் குறியை மறுபடி அடைய 511 பிட் நகர வேண்டும். போலியோ 136-இலோ 392-இலோ நிற்கிறது. எப்படிப் பார்த்தாலும் போலிதான் முதலில் வரும். இங்கே வாய்ப்பு நான்கில் ஒன்றோ மூன்றோ அல்ல; அநேகமாக முழு உறுதி. போலியில் இருக்கும்போது கம்பிப் பிழையால் இழந்தால், அதே காரணத்தால் உண்மைதான் முதலில் வரும். ஆகவே ஒவ்வொரு இழப்பும் ரிசீவரை மற்ற புள்ளிக்குத் தள்ளியது. எட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை தடங்கள் மாறுவதும் திரும்புவதுமாக இருந்ததன் முழு விளக்கம் இதுதான். வரம்பை இரண்டாகக் குறைத்தது, எட்டு நாளுக்கு ஒருமுறை உருள வேண்டிய பகடையை எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டியது. அதுவும் எப்போதும் எதிர்ப்பக்கமே விழும் பகடை.

அந்த வரியில் `pos + 1` என்பது தவறா? தவறில்லை. `pos` இலேயே தொடங்கினால், போலியில் பூட்டிய ரிசீவர் ஒருபோதும் அதைவிட்டு வெளியே வராது. பழைய இடத்தை ஓரிரு மில்லிவினாடி முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மற்ற இடங்களைத் தேடலாம் என்று ஒரு யோசனை குழுவில் எழுந்தது. கம்பிப் பிழையால் வரும் வீண் இழப்புக்கு அது நல்ல மருந்து. ஆனால் பழைய இடமே போலியாக இருந்தால் அது நோயைப் பாதுகாக்கும். குறி ஒன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட ரிசீவருக்கு, நிலையாகத் திரும்பி வரும் இரண்டு புள்ளிகளில் எது உண்மை என்று அறிய அடிப்படையிலேயே வழியில்லை என்பதால், அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

எடுத்த நடவடிக்கை

இழப்பு வரம்பை மீண்டும் மூன்றாக்கினோம். தொலை அளவைக் கருவியின் ஓய்வுநிலை நிரப்பை, எல்லாப் பிட்டும் 1 ஆக உள்ள `FF` ஆக மாற்றச் சொன்னோம். அது அன்றைய கோளாறை நிறுத்தியது. ஆனால் நாளை வேறொரு டைம்ஸ்லாட்டில் வேறொரு கருவி இதே போன்ற சுழற்சியைத் தொடங்கினால் நம்மைக் காப்பாற்றாது.

ஆகவே ரிசீவரில் ஒரு கண்காணிப்பு சேர்த்தோம். ஒத்திசைவில் இருக்கும்போதும் தேடல் பகுதி ஓய்ந்துவிடாமல், வட்டத்தின் 512 இடங்களுக்கும் ஒவ்வொரு சிறு எண்ணியை வைத்துக்கொண்டு, எந்தெந்த இடத்தில் குறி இடைவிடாமல் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். பூட்டியிருக்கும் இடம் தவிர இன்னோர் இடம் ஒரு வினாடி முழுவதும் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், இரண்டு குறிகள் இருப்பதாக எச்சரிக்கை எழும். எது உண்மை என்று அது சொல்லாது. ரிசீவர் உண்மையில் பூட்டியிருந்தாலும் போலியில் பூட்டியிருந்தாலும் எச்சரிக்கை ஒன்றே. அது போதும், ஏனெனில் தேடிப்போக வேண்டிய டைம்ஸ்லாட்டின் எண்ணை அது தருகிறது. நினைவகத்தில் இதற்கான செலவு 512 சிறு சொற்கள்.

உண்மையான தீர்வு சிஆர்சி-4. இதில் எட்டு பிரேம்களின் 2048 பிட்டுகளுக்கு நான்கு பிட் சரிபார்ப்பு எண் கணிக்கப்பட்டு, அடுத்த தொகுதியின் குறியேந்திய பிரேம்களில், டைம்ஸ்லாட் 0-இன் முதல் பிட்டில் அனுப்பப்படுகிறது. குறி இல்லாத பிரேம்களின் முதல் பிட்டில் `001011` என்ற இன்னொரு வடிவம், 2 மில்லிவினாடி நீளமுள்ள மல்டிபிரேமின் எல்லையைக் காட்ட வருகிறது. குறியைப் பார்த்து ஒத்திசைவு கிடைத்த 8 மில்லிவினாடிக்குள் இந்த இரண்டாவது வடிவம் குறைந்தது இரண்டு முறை, 2 மில்லிவினாடியின் மடங்கான இடைவெளியில், தென்பட வேண்டும். இல்லையென்றால் பூட்டிய இடம் போலி என்று கொண்டு, அந்த இடத்துக்கு அடுத்த பிட்டிலிருந்து தேட வேண்டும் என்கிறது ஜி.706. எங்கள் போலியில் `50` இன் முதல் பிட் எப்போதும் 0. அதில் `001011` ஒருநாளும் வராது.

ஒத்திசைவு நிலைத்த பிறகும் சரிபார்ப்பு தொடர்கிறது. வினாடிக்கு 1000 தொகுதிகள் வருகின்றன. அவற்றில் 915 அல்லது அதற்கு மேல் தவறினால் மறுதேடல். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் இவ்வளவு பொறுமை ஏன் என்று வியப்பதைக் கண்டிருக்கிறேன். தவறான இடத்தில் பூட்டியிருந்தால் நான்கு பிட் எண் தற்செயலாகப் பொருந்துவது 16-இல் 1 என்பதால், சராசரியாக 937 தொகுதிகள் தவறும். புள்ளியியல் ஏற்ற இறக்கம் எட்டுக்கும் குறைவு. சரியான இடத்தில் பூட்டியிருந்து, கம்பி 1000 பிட்டுக்கு ஒரு பிழை என்ற மோசமான நிலையில் இருந்தால், தவறும் தொகுதிகள் 870-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில் 915 நிற்கிறது. கெட்ட கம்பியையும் தவறான இடத்தையும் பிரித்தறியும் ஆற்றல் இதற்கு உண்டு. அடுத்தடுத்து மூன்று என்ற விதிக்கு அது கிடையாது. அது இருக்கும் இடத்தில் குறி தொடர்கிறதா என்று மட்டுமே கேட்கிறது.

‘ஆ’ முனையின் பழைய பலகையால் சிஆர்சி-4 அனுப்ப முடியாததால், அந்தப் பலகையை மாற்றும்வரை கண்காணிப்பு எச்சரிக்கையோடு காலம் தள்ளினோம். பலகை மாறிய பிறகு, வேண்டுமென்றே கருவியின் நிரப்பைப் பழைய `1B 50` க்கு மாற்றி, போலி 392 பிட் தூரத்தில் நிற்கும் நிலையில் இணைப்பை இருபது முறை எடுத்துப் போட்டோம். போலியை முதலில் சந்தித்த தடவைகளில் ஒத்திசைவு அலாரம் வழக்கத்தைவிட ஏறத்தாழ 8 மில்லிவினாடி கூடுதலாக நீடித்தது. இருபது முறையும் ரிசீவர் உண்மையான இடத்திலேயே அமர்ந்தது.

ஓர் அமைப்பை மட்டும் கையால் மாற்ற வேண்டியிருந்தது. மறுமுனையில் சிஆர்சி-4 இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபோது ரிசீவர் தானே கண்டறியும் முறை ஒன்றையும் ஜி.706 அனுமதிக்கிறது: 400 மில்லிவினாடி வரை மல்டிபிரேம் வடிவம் கிடைக்கவில்லை என்றால், மறுமுனை பழைய வகை என்று கருதி, குறியை மட்டுமே நம்பும் நிலைக்கு ரிசீவர் திரும்பிவிடும். எங்கள் ரிசீவர் அந்தத் தானியங்கு நிலையில்தான் அனுப்பப்பட்டிருந்தது. நீண்ட நேரம் கெட்டுக்கிடக்கும் கம்பி, அந்த 400 மில்லிவினாடியைக் கடந்து ரிசீவரைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டால், டைம்ஸ்லாட் 17-இல் நிற்கும் போலிக்கு மறுபடி கதவு திறந்துவிடும். இரு முனைகளிலும் சிஆர்சி-4 உறுதியான பின், அந்தத் தானியங்கு முறையை அணைத்து, சிஆர்சி-4 கட்டாயம் என்று அமைத்தோம்.